சிவப்புக் கோடு விழாத பிழைகள்

ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஆபீஸ்களில் சிவப்புக் கோடு விழாத கடிதமே கிடையாது. வேர்டில் எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் பெறுநர் பெயருக்குக் கீழே நெளிநெளியாக ஒரு கோடு, அனுப்புநர் பெயருக்குக் கீழே ஒன்று, ஊர்ப் பெயருக்குக் கீழே ஒன்று. ஸ்பெல் செக்குக்கு இருங்காட்டுக்கோட்டை தெரியாது, வல்லம் வடகால் தெரியாது. செந்தில்குமாரும் தப்பு, முத்துலட்சுமியும் தப்பு. கொரியாக்காரர் பெயரும் ஜப்பான்காரர் பெயரும் கேட்கவே வேண்டாம். சரியான பெயருக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டே இருந்தால் ஆள் என்ன செய்வார்? வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கண் அந்தக் கோட்டைப் பார்ப்பதை நிறுத்திவிடும். ‘இக்னோர் ஆல்’ அமுக்கிவிட்டு அனுப்புவதுதான் வழக்கமாகிவிடும்.

கோடு விழுந்ததால் யாருக்கும் நஷ்டம் வந்து நான் பார்த்ததில்லை. கோடு விழாத இடங்கள்தான் எங்களைப் படுத்தின.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-இல் டைம்லரின் லாரி ஆலை. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் வரிசையாக வந்தன. அப்படி ஒரு பிரஸ் ஷாப்பில், கமர்ஷியல் பிரிவில்தான் நான் சேர்ந்தேன். தகட்டை வெட்டி, வளைத்து, பிராக்கெட் அடிக்கிற இடம். பக்கத்து ஹாலில் பிரஸ் விழும் சத்தத்துக்கு எங்கள் மேசைமேல் இருக்கும் டீ கிளாஸ் லேசாக நடுங்கும். கீழே தகடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் குவாலிட்டிக்காரர் சிவப்பு அட்டை தொங்கவிட்டு அந்த லாட்டையே நிறுத்திவிடுவார். மேலே எங்கள் கடிதத்தை நிறுத்த யாரும் இல்லை. அந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்டவர் கமர்ஷியலில் சீனியரான ஓர் அக்கா. காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். அதற்குமுன் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தவர்.

அவரிடம் போகும் கடிதம் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. “படிச்சிட்டேன்க்கா, தப்பு இல்ல” என்று சொன்னால் ஒரே கேள்வி கேட்பார்: “எத வச்சுப் படிச்ச?”

அந்தக் கேள்வி புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. பெயரில் உள்ள பிழையைக் கடிதத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. Kim Young-ho என்று இருக்கிறது. அழகாக இருக்கிறது. ஆனால் அவர் Kim Yong-ho. இரண்டும் கொரியாவில் நடமாடும் பெயர்கள். கடிதத்தை நூறு முறை படித்தாலும் அந்த ஒரு எழுத்து கூடுதலா குறைச்சலா என்று கடிதம் சொல்லாது. அவருடைய விசிட்டிங் கார்டோ, அவரே அனுப்பிய மெயிலின் அடியில் இருக்கும் பெயரோ இன்னொரு கையில் இருந்தால்தான் தெரியும். விலையும் அப்படித்தான். 43.75 என்பதில் எந்த எழுத்துப் பிழையும் இல்லை. அது நம் விலையா என்பதுதான் கேள்வி. ஆக, அனுப்பும்முன் செய்ய வேண்டியது படிப்பு அல்ல, ஒத்துப் பார்ப்பது. ஸ்பெல் செக்கிடம் ஒத்துப் பார்க்க அகராதி மட்டும்தான் இருக்கிறது. நம் கஸ்டமருடைய விசிட்டிங் கார்டு அதனிடம் இல்லை.

ஒரு கடிதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஸ்டீல் விலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாகத்தின் விலையைத் திருத்திக் கேட்போம். ஒரு பிராக்கெட் அதுவரை 42 ரூபாய் 10 காசு. புது விலை 47 ரூபாய் 35 காசு. மாதம் 12,500 பீஸ் போகும். மார்க்கெட்டிங்கில் ஒருவர் கடிதத்தைத் தயார் செய்து, கணக்குத் தாளை எக்ஸலில் இணைத்து, கையெழுத்துக்கு முன்னால் அக்காவிடம் கொண்டுவந்தார். எழுதிய விதம் எல்லோரும் எழுதுகிற விதம்தான்: வேறொரு கஸ்டமருக்குப் போன பழைய கடிதத்தைத் திறந்து, ‘சேவ் ஆஸ்’ போட்டு, மாற்ற வேண்டியதை மாற்றுவது.

அக்கா முதலில் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். பிறகு பென்சிலால் பெயர், பதவி, எண், தேதி, ஊர் என்று இருக்கும் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டார். நடுவில் இருக்கும் வாக்கியங்களை அவர் படிக்கவே இல்லை. ஒரு பக்கக் கடிதத்தில் பதினான்கோ பதினைந்தோ வட்டம் விழுந்தது. வட்டத்தை டிக் செய்ய ஒரே நிபந்தனை: அதற்கான மூலத் தாள் கையில் இருக்க வேண்டும். “எனக்குத் தெரியும்” என்பதற்கு டிக் கிடையாது. நாங்கள் முன்பு அனுப்பிய கடிதத்தையும் மூலம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். போன வருடம் ஒருவர் தப்பாக அடித்த பெயர், அதைப் பார்த்து அடித்த பத்து கடிதத்திலும் தப்பாகவே இருக்கும். கஸ்டமரிடமிருந்து வந்த காகிதம்தான் மூலம்.

முதல் வட்டம் பெயர். கொரியாவில் ஐந்து பேரில் ஒருவர் கிம் என்பார்கள். நாங்கள் வியாபாரம் செய்த ஒரே ஆபீஸில் பர்ச்சேஸில் ஒரு கிம், குவாலிட்டியில் ஒரு கிம், ஃபைனான்ஸில் ஒரு கிம். மெயிலில் ‘K, i’ என்று அடித்ததும் அவுட்லுக் தானாக ஒரு கிம்மை நீட்டும். கடைசியாக யாருக்கு அதிகம் எழுதினோமோ அந்தக் கிம். குவாலிட்டிக் கிம்முக்கு எங்கள் விலைக் கணக்கு முழுவதும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அதனால் ‘டு’ கட்டத்தை அக்கா கடைசி வரை காலியாக வைப்பார். எல்லா டிக்கும் விழுந்த பிறகுதான் முகவரி ஏறும். கை தவறி ‘சென்ட்’ விழுந்தாலும் மெயில் எங்கும் போகாது.

இந்தக் கடிதத்தில் பெயரின் எழுத்து சரி. ஆனால் ஆரம்பத்தில் ‘டியர் மிஸ்டர்’ போட்டு, பின்னால் குடும்பப் பெயருக்குப் பதில் அவருடைய சொந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள். கொரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள், நாம் இனிஷியலை முன்னால் போடுவதுபோல. வெள்ளைக்காரப் பழக்கத்தில் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதினால் தப்பாகிவிடும். ஜப்பான்காரர் விஷயம் இன்னும் குழப்பம்: அவர்களில் பலர் ஆங்கிலக் கார்டில் குடும்பப் பெயரைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள், சிலர் வைக்க மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் போன் போட்டு வரவேற்பில் கேட்டுவிடுவார் அக்கா. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பார். இவர்கள் நம்மைச் சொல்லும்போதும் இதே கதைதான். பி. முருகன் என்பவரை எம். பெருமாள் என்று எழுதி அனுப்பிய கடிதம் ஒன்று எங்களுக்கு வந்தது. பெருமாள் அவருடைய அப்பா.

இரண்டாவது வட்டம் பதவி. எங்கள் ஆபீஸில் பதவியை முழுக்கப் பெரிய எழுத்தில் அடிப்பது மரபு. அதில் ‘ஜெனரல் மேனேஜர்’ என்பதன் இரண்டாம் சொல்லில் நடுவில் இருக்க வேண்டிய ‘ஏ’ விழுந்துபோயிருந்தது. அந்த ஓர் எழுத்து போனால் மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டி என்று அர்த்தம். ஏசு பிறந்ததும் கிடத்தப்பட்டதாகச் சொல்லும் முன்னணை. அது அகராதியில் இருக்கும் சொல் ஆதலால் ஸ்பெல் செக் வாய் திறக்காது. கூடவே இன்னொரு ஓட்டையும் உண்டு. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் என்று உள்ளே போனால் முழுக்கப் பெரிய எழுத்தில் உள்ள சொற்களையும் எண் கலந்த சொற்களையும் விட்டுவிடு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எங்களுக்கு வந்த கம்ப்யூட்டர்களில் இரண்டும் டிக் போட்டபடியே வந்தன. அதாவது தலைப்பு, பதவி, பார்ட் நம்பர், பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் ஆகிய எதையும் அது பார்க்கவே பார்க்காது. கடிதத்தில் எது தப்பக் கூடாதோ சரியாக அதையெல்லாம் தவிர்த்துவிட்டு மிச்சத்தைச் சோதித்து, ‘செக் முடிந்தது’ என்று அறிவிக்கும். முதல் டிக்கை எடுத்துவிடலாம், எடுக்க வேண்டும். ஆனாலும் தீவனத் தொட்டி அகராதிச் சொல்லாகவே இருக்கும்.

அதற்கும் ஒரு வழியை எங்கள் ஐ.டி. பையன் பிறகு கண்டுபிடித்துக் கொடுத்தான். நமக்கு ஒருபோதும் தேவைப்படாத சொற்களைத் தப்பென்று சொல்லும்படி வேர்டைப் பழக்கலாம். `%AppData%\Microsoft\UProof` என்ற ஃபோல்டரில் `ExcludeDictionaryEN0409.lex` என்று ஒரு கோப்பு இருக்கும். அது அமெரிக்க ஆங்கிலத்துக்கானது. அதை நோட்பேடில் திறந்து, வரிக்கு ஒரு சொல்லாகச் சின்ன எழுத்தில் அடித்துச் சேமித்து, வேர்டை மூடித் திறந்தால் போதும். எங்கள் பட்டியல் இப்படித் தொடங்கியது:

```
manger
causal
costumer
```

இரண்டாவது, விடுமுறை விண்ணப்பங்களில் ‘கேஷுவல்’ என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறி வருவது. நம்மூர் ஆபீஸ்களில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மூன்றாவது, கஸ்டமர் என்பதில் எழுத்து மாறினால் நாடகத்துக்கு உடை தைப்பவர் ஆகிவிடுவார். இந்தப் பட்டியல் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே வேலை செய்யும். கோப்பின் மொழி வேறாக இருந்தாலும் வேலை செய்யாது. பெயருக்கும் எண்ணுக்கும் இதனால் எந்தப் பயனும் இல்லை.

பதவியில் இன்னொரு வகைப் பிழை இதைவிட நுட்பம். எழுத்தெல்லாம் சரி, ஆனால் பதவி பழையது. கொரியக் கம்பெனிகளில் ஆண்டு முடிவை ஒட்டிப் பதவி உயர்வு அறிவிப்பார்கள். டிசம்பரில் டெபுடி ஜெனரல் மேனேஜராக இருந்தவர் ஜனவரியில் ஜெனரல் மேனேஜர். அவரைப் பழைய பதவியில் கூப்பிட்டால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் பிரச்சினை, சொல்லமாட்டார். ஜெர்மன்காரரிடம் டாக்டர் பட்டத்தை விட்டுவிட்டாலும் அப்படியே. ஜனவரியில் மட்டும் அக்கா விசிட்டிங் கார்டை நம்பாமல், அந்த மாதத்தில் வந்த மெயிலைத் தேடி எடுப்பார்.

மூன்றாவது வட்டம் ஊர். மூன்றாம் பத்தியில் ‘உங்கள் ஒரகடம் ஆலைக்கு’ என்று இருந்தது. இந்தக் கஸ்டமர் இருங்காட்டுக்கோட்டைக்காரர். ஒரகடம் என்பது பழைய கடிதத்தின் கஸ்டமர். ‘சேவ் ஆஸ்’ விட்டுவைத்த எச்சம். மற்றதெல்லாம் எழுத்து தப்பியதாகப் போகும், இது அப்படிப் போகாது. போட்டியாளருக்கும் இதே பாகம் இதே மாதிரி கொடுக்கிறோம் என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகும். இப்படி எச்சங்கள் உட்காரும் இடங்கள் சில இருக்கின்றன: நடுப்பத்தி, அடிக்குறிப்பு, இரண்டாம் பக்கத்தின் மேல் ஓரம், கோப்பின் பெயர். மேலே இருக்கும் பெயரையும் முகவரியையும் எல்லோரும் மாற்றிவிடுவார்கள். மடிப்புக்குக் கீழே போனதும் கவனம் தளர்ந்துவிடும்.

நான்காவது வட்டம்தான் விலை. இதை அக்கா கண்ணால் பார்க்க மாட்டார். அவர் எக்ஸல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார், நான் கடிதத்தைப் பார்க்க வேண்டும். ‘நாற்பத்தேழு ரூபாய் முப்பத்தைந்து காசு’ என்று படிக்க மாட்டார். “நாலு, ஏழு, புள்ளி, மூணு, அஞ்சு.” அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர்கள் பழக்கம் அது. ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க மற்றவர் அச்சடித்த தாளில் விரல் வைத்துப் போவார். எண்ணை முழுசாகச் சொன்னால் கேட்கிறவர் மனசு அந்த எண்ணைத் தாளில் பார்த்ததாகவே நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இலக்கமாக வந்தால் அது முடியாது.

“நாலு.” இருக்கு. “ஏழு.” இல்லை, மூணு.

கடிதத்தில் 43.75 என்று இருந்தது. கணக்குத் தாளில் 47.35. நடு இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தப்பான எண் பார்வைக்கு எவ்வளவு நியாயமாக இருந்தது என்பது. விலை ஏறியிருக்க வேண்டும், 42.10-லிருந்து 43.75, ஏறித்தான் இருக்கிறது. புள்ளி இடம் மாறி 473.50 என்று விழுந்திருந்தால் யாரும் பிடித்திருப்பார்கள். அனுபவசாலி ஒருவர் கடிதத்தை மட்டும் வாங்கிப் படித்திருந்தால் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

வித்தியாசம் பீஸுக்கு 3 ரூபாய் 60 காசு. மாதம் 12,500 பீஸுக்கு 45,000 ரூபாய். அடுத்த திருத்தம் வரை மூன்று மாதத்துக்கு 1,35,000 ரூபாய். கஸ்டமர் இந்தக் கடிதத்தை ஏற்று, ஆர்டரைத் திருத்திவிட்டால், பிறகு ‘தட்டச்சுப் பிழை’ என்று போய் நிற்பது சங்கடம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் தவறாக எண்ணிக்கொண்டது என்பதற்காக ஒப்பந்தம் ரத்தாகாது என்றுதான் சொல்கிறது. பெருந்தன்மையான பர்ச்சேஸ்காரர் கிடைத்தால் திருத்துவார். அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அபூர்வமாக.

அக்கா கால்குலேட்டரை எடுத்து 360 காசை ஒன்பதால் வகுத்துக் காட்டினார். 40, மீதி இல்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம் இது. இரண்டு தாளில் இரண்டு தொகை இருந்து வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், அநேகமாக இடமாற்றம், அதைத் தேடு. வகுபடவில்லையென்றால் வேறு ஏதோ. ஆனால் தப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இந்த ஒன்பது உதவும். இரண்டாவது தாள் இல்லாமல் எதை எதிலிருந்து கழிப்பது?

இந்த இடத்தில் ஒரு புகார் சொல்லியாக வேண்டும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதச் சொன்ன முன்னோர் காரணமாகத்தான் சொன்னார்கள். எண் வேறு, எழுத்து வேறு என்று இருந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் செலாவணிப் பத்திரச் சட்டம் 18-ஆம் பிரிவில் இருக்கிறது. கையால் எழுதிய காலத்தில் இரண்டும் இரண்டு சாட்சிகள். இப்போது எக்ஸலிலும் பில்லிங் மென்பொருளிலும் எண்ணை அடித்தால் எழுத்து தானாக வருகிறது. தப்பான எண்ணுக்குத் தப்பான எழுத்து, அழகாக, ‘மட்டும்’ சேர்த்து. மொத்தத் தொகையும் அதே எண்ணைப் பெருக்கித்தான் வருகிறது. மூன்று இடத்தில் ஒரே தொகை இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர், ஒரே சாட்சியை மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தவர்.

எண்ணில் இன்னொன்று இந்தப் பகுதிக்கே உரியது. மாத எண்ணிக்கை 12,500 என்று கடிதத்தில் சரியாகவே இருந்தது. இதையே ஜெர்மனிக்கு அனுப்பினால், அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. பன்னிரண்டரை என்று படிக்க இடம் உண்டு. பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரத்தை நாம் 12,50,000 என்று எழுதுகிறோம். வெளிநாட்டுக்காரருக்கு அது காற்புள்ளி தப்பிய எண்ணாகத் தெரியும், இடையில் ஓர் இலக்கம் விழுந்துவிட்டதோ என்று கேட்டு மெயில் வரும். வெளிநாட்டுக்குப் போகும் தாளில் 1,250,000 என்றும், தசமம் வரும் இடங்களில் அலகை எழுத்தாலும் போடுவதுதான் எங்கள் வழக்கமாயிற்று.

திருத்தங்களை அடித்துப் புதுப் பிரிண்ட் வந்ததும் அக்கா மறுபடி முழுக்க வட்டம் போட்டார். எனக்கு அலுப்பாக இருந்தது. திருத்தியதை மட்டும் பார்த்தால் போதாதா? திருத்தியபோது தேதி வரி கீழே இறங்கி இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது. பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது எந்தக் கடிதத்தையும் அவர் அனுப்ப விடமாட்டார். அதற்குமேல் வந்தால் காலைதான். மேனேஜர் கோபப்படுவார். படட்டும் என்பார்.

2018-இல் ஜி.எஸ்.டி.யின் இ-வே பில் வந்து எங்கள் டெஸ்பாட்ச் கேட்டில் வண்டிகள் நின்ற நாட்களில், பிழைகளை அரசாங்கமே தரம் பிரித்துக் கொடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அனுப்புநர் அல்லது பெறுநர் பெயரில் எழுத்துப் பிழை, ஆனால் ஜி.எஸ்.டி. எண் சரி என்றால் வண்டியைப் பிடித்து வைத்துப் பெரிய அபராதம் போடக் கூடாது. பின்கோடு தப்பு, முகவரி சரி என்றாலும் அப்படியே, இ-வே பில்லின் காலக்கெடு அதனால் நீளாமல் இருந்தால். வண்டி எண்ணிலோ பில் எண்ணிலோ ஓரிரு இலக்கம் மாறினாலும் மன்னிப்பு. மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 என்று ஆயிரம் ரூபாயோடு விடலாம். வரிக்காரருக்கு ஆள் என்றால் எண்தான், பெயர் ஓர் அலங்காரம்.

அந்த எண்ணுக்கு 15 இடம். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி இடம் மற்ற பதினான்கையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, ஆகவே ஓர் எழுத்து மாறினால் போர்ட்டலே பெரும்பாலும் துப்பிவிடும். ஆனால் ஹரியானாவிலும் ஆலை வைத்திருக்கும் கஸ்டமருக்கு 06-இல் தொடங்கும் இன்னோர் எண் இருக்கும். அது முற்றிலும் சரியான எண், நம் பில்லுக்கு முற்றிலும் தப்பான எண். போர்ட்டல் வாங்கிக்கொள்ளும். அதையும் தாளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பெயரில் ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதற்கு நான் புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்லும் கதை பிரிட்டனில் நடந்தது. வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் நெடுங்காலமாக நடந்த இன்ஜினியரிங் கம்பெனி, Taylor & Sons. 2009-இல் Taylor & Son என்ற வேறொரு கம்பெனி திவாலானது. அங்குள்ள கம்பெனிப் பதிவகம் அதைப் பதியும்போது, கடைசியில் ‘எஸ்’ இருக்கும் கம்பெனியின் கணக்கில் ஏற்றிவிட்டது. சில நாளில் திருத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்தப் பதிவு கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டது. சரக்குக் கொடுத்தவர்கள் கடனுக்குத் தர மறுத்தார்கள், ஆர்டர்கள் நின்றன, சுமார் 250 பேர் வேலை பார்த்த கம்பெனி இரண்டு மாதத்தில் விழுந்தது. 2015-இல் லண்டன் உயர் நீதிமன்றம் பதிவகமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இரண்டு பெயருமே எழுத்துப் பிழை இல்லாத பெயர்கள். கம்பெனிக்கென்று ஒரு பதிவு எண் இருந்தது, அதை யாரும் ஒத்துப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இதே பிழை கம்பெனிகளைவிட ஆட்களைத்தான் அதிகம் பிடித்தது. இந்தத் தடத்தில் ஷிஃப்ட்டுக்கு வரும் ஆட்களில் பெரும்பங்கு கான்ட்ராக்ட் ஆட்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களும் பெண்களும். ஒரு கான்ட்ராக்டர் ஒரே நாளில் அறுபது பேர் பெயரை அடித்து பி.எஃப்.-இல் ஏற்றுவார். Senthilkumar என்பது Senthil Kumar ஆகும். இனிஷியல் பின்னால் போகும், முன்னால் வரும், காணாமல் போகும். அப்பா பெயரின் இடத்தில் ஊர்ப் பெயர் ஏறும். பிறந்த தேதியில் 12-ம் 21-ம் மாறும். எதற்கும் சிவப்புக் கோடு விழாது. அந்த ஆளும் பார்க்க மாட்டார், ஏனென்றால் மாதாமாதம் பணம் பிடிப்பதற்குப் பெயர் சரியாக இருக்கத் தேவையில்லை. எடுக்கும்போதுதான் தேவை.

சில வருடம் கழித்துத் தங்கச்சி கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ பணம் கேட்டு விண்ணப்பித்தால், ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.-இல் ஒரு பெயர் என்று திரும்பி வரும். அப்போது வேலை கொடுத்தவரும் சேர்ந்து உறுதிமொழி தர வேண்டும் என்பார்கள். அந்தக் கான்ட்ராக்டர் போர்டைக் கழற்றிவிட்டு எங்கோ போயிருப்பார். எங்கள் கமர்ஷியல் அறைக்கு வந்து, “சார், ஒரு எழுத்துதான் சார்” என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களால் ஆனது கேட் பாஸ் பதிவேட்டைத் தேடிக் கொடுப்பது, அவ்வளவுதான். அக்காவின் வட்டமும் டிக்கும் அந்தக் கான்ட்ராக்டர் மேசையில் இருந்திருந்தால், அறுபது ஆதார் நகலை ஒருவர் படிக்க ஒருவர் பார்த்திருந்தால், ஒரு சாயங்கால வேலை.

2025 ஜனவரியில் பி.எஃப். அமைப்பு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. 2017 அக்டோபர் 1 முதல் ஆதாரோடு சரிபார்த்துக் கொடுக்கப்பட்ட யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை உறுப்பினரே ஆன்லைனில் திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும் என்றே அப்போதும் வைத்தார்கள். ஆகவே இந்தப் பக்கம் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். இன்றைக்கே பி.எஃப். தளத்தில் உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் திறந்து, ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பக்கத்தில் ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். தப்பு இருந்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் பக்கத்து அறையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.